“ஹலோ… தூங்கலையா தம்பி?” – முதியோர் குடியிருப்பில் நடுராத்திரி அழைப்பை எடுப்பதற்கு ஒரு வழிகாட்டி

கோவைக்கு வெளியே ஒரு முதியோர் குடியிருப்பில் ஆறு வருடமாக இரவு ரிசப்ஷன் பார்க்கிறேன். இரவு 9 மணிக்கு உட்கார்ந்தால் காலை 7 மணிக்குத்தான் எழுந்திருப்பேன். புதிதாக வருகிறவர்களுக்குப் பழக்கிக்கொடுப்பதும் என் வேலைதான். பம்ப் செட், ஜெனரேட்டர், சாவிக்கொத்து எல்லாவற்றையும் இரண்டு நாளில் கற்றுக்கொள்வார்கள். எல்லாரும் தடுக்கி விழுவது ஒரே இடத்தில்: 12 மணிக்கு மேல் இண்டர்காமில் வரும் ஒரு “ஹலோ”.

பெரும்பாலும் இப்படிப் போகும்.

“ஹலோ.”
“சொல்லுங்க சார், என்ன வேணும்?”
“இல்ல… காலைல சுடுதண்ணி எத்தனை மணிக்கு வரும்?”
“அஞ்சரைக்கு சார். வேற ஏதாவது?”
“இல்ல. சரி.”

இருபது விநாடி. கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று, நல்லபடியாக முடித்தோம் என்று பையன் நினைப்பான். அரை மணி நேரத்தில் அதே வீட்டிலிருந்து மறுபடியும் அடிக்கும். ஜன்னல் பக்கம் ஏதோ சத்தம் என்பார். செக்யூரிட்டி போய்ப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. இரண்டு மணிக்கு மூன்றாவது அழைப்பு, ஏசி ரிமோட் வேலை செய்யவில்லை என்று. அதற்குள் பையனுக்குக் குரல் மாறிவிடும். மறுநாள் என்னிடம், “அண்ணா, அந்த சாருக்கு வேற வேலையே இல்லைங்களா?” என்பான்.

அவர் மூன்று முறையும் கேட்டது ஒன்றைத்தான், அது சுடுதண்ணி இல்லை. அந்த முதல் அழைப்பை எப்படி எடுப்பது என்று வரிசையாக எழுதுகிறேன். வரிசை மாறினால் காரியம் கெடும், அதனால் ஒவ்வொன்றுக்கும் காரணமும் சேர்த்தே.

1. பத்து மணிக்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை

முதலில் லைன். எங்களிடம் இண்டர்காம் ஒன்று, செல்போன் ஒன்று. ஒருவரோடு பதினைந்து நிமிடம் பேசப் போகிறோம் என்றால் அந்த நேரத்தில் இன்னொரு வீட்டிலிருந்து அவசர அழைப்பு வந்தால் தெரிய வேண்டும். கால் வெயிட்டிங் ஒலி கேட்கிறதா என்று ஷிப்ட் தொடங்கும்போதே ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள். இது உறுதியாக இல்லாவிட்டால் பேசும்போது உங்கள் மனம் பேச்சில் இருக்காது. எதிரில் இருப்பவருக்கு அது உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது அனுமதி. “ராத்திரியில் ஒருவரோடு எவ்வளவு நேரம் பேசலாம்?” என்று மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கணக்கு இருபது நிமிடம். கேட்காமல் விட்டால் மூன்றாவது நிமிடத்திலேயே, யாராவது பார்த்தால் என்ன சொல்வார்களோ என்ற பயம் வந்து பேச்சை வெட்டச் சொல்லும்.

மூன்றாவது, முந்தின இரவு எழுதிய குறிப்பை வாசிப்பது. போன வாரம் பேத்திக்குப் பரீட்சை என்று ஒரு அம்மா சொல்லியிருந்தால், இன்று அவர் கூப்பிடும்போது “பரீட்சை எப்படி எழுதினாங்க பேத்தி?” என்று கேட்க முடியும். இந்த ஒரு வரி, பத்து ஆறுதல் வார்த்தைக்குச் சமம். யார் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இதயக் கோளாறு, யாருக்கு மறதி நோய் என்ற பட்டியலும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். ஏன் என்பது மூன்றாவது பகுதியில் வரும்.

2. எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை

“என்ன வேணும்?” என்று தொடங்காதீர்கள். இதை மட்டும் மாற்றினாலே பாதிக் கோளாறு போய்விடும்.

அந்தக் கேள்வி வந்ததும் எதிரில் இருப்பவர் ஏதாவது ஒன்று வேண்டும் என்று சொல்லியே ஆக வேண்டும். “ஒண்ணும் வேண்டாம், சும்மா கூப்பிட்டேன்” என்று சொல்ல நம் ஊரில் எழுபத்தைந்து வயது மனிதருக்குக் கூச்சம். ஆயுள் முழுக்க நாலு பேருக்கு வேலை சொன்னவர், ராத்திரி ஒரு மணிக்குச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் பையனிடம் தனியா இருக்கேன் என்று சொல்வாரா? சுடுதண்ணி, சத்தம், ரிமோட் எல்லாம் அந்தக் கேள்விக்காக அவர் அவசரமாகத் தேடி எடுத்த பதில்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்கள் வீடுகளில் கட்டில் ஓரத்திலும் குளியலறையிலும் அவசரக் கயிறு இருக்கிறது. அதை இழுத்தால் நர்ஸ் ஓடி வருவார். அவர் அதை விட்டுவிட்டு இண்டர்காமை எடுத்திருக்கிறார் என்பதே ஒரு செய்தி. ஆள் ஓடி வர வேண்டாம், குரல் வந்தால் போதும் என்பதுதான் பெரும்பாலும் அதற்கு அர்த்தம். ஆனால் ‘பெரும்பாலும்’தான். அதை நம்பி அடுத்த படியை விட்டுவிடக் கூடாது.

நான் சொல்வது இவ்வளவுதான்: “வணக்கங்க சார், முருகேசு பேசறேன். முழிச்சுட்டுத்தான் இருக்கேன்.” பேர் சொல்வதால், அவர் பேசுவது ரிசப்ஷனோடு என்பது போய் ஒரு ஆளோடு என்று ஆகிறது. ‘முழிச்சுட்டுத்தான் இருக்கேன்’ என்பதில், நீங்கள் தொந்தரவு செய்யவில்லை என்பது அடங்கிவிடுகிறது. அதன் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். புதிதாக வருகிறவர்கள் இரண்டு எண்ணுவதற்குள், “ஹலோ, ஹலோ, கேக்குதுங்களா?” என்பார்கள். அவர் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருப்பார், அந்த யோசனையைக் கலைத்துவிடுவீர்கள்.

3. உடம்புக்கு ஒன்றுமில்லை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்

பேச்சுத்துணைக்கு வந்த அழைப்பும் உடம்பு சரியில்லாமல் வந்த அழைப்பும் முதல் நிமிடத்தில் ஒரே மாதிரிதான் இருக்கும். இரண்டிலும் தயக்கம், இரண்டிலும் “ஒண்ணுமில்ல”. வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வரலாம். வெறும் மூச்சுத் திணறல், வியர்வை, இனம் தெரியாத ஒரு படபடப்பு, அவ்வளவுதான் தெரியும். அதனால் துணை பற்றி யோசிக்கும் முன் உடம்பு.

ஆனால் டாக்டர் மாதிரி வரிசையாகக் கேட்டால் அவர் போனை வைத்துவிடுவார். நான் கேட்பது ஒரே கேள்வி: “உக்காந்திருக்கீங்களா சார், படுத்திருக்கீங்களா?” சாதாரணப் பேச்சுதான். ஆனால் பதிலில் நிறையத் தெரியும். “படுத்தா மூச்சு முட்டுது, அதான் உக்காந்துட்டேன்” என்றால் நர்ஸை எழுப்ப வேண்டும். வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குகிறதா, வார்த்தை குழறுகிறதா, பகலா ராத்திரியா என்பதில் குழப்பமா என்று காதைக் கொடுத்துக் கேளுங்கள். நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று திடீரென்று தடுமாறினால், சர்க்கரை இறங்கியிருக்கலாம், தொற்று ஏதாவது இருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை. நர்ஸ், தேவைப்பட்டால் 108. அவ்வளவுதான்.

4. சொன்ன வேலையைச் செய்யுங்கள், ஆனால் கதவைச் சாத்தாதீர்கள்

உடம்புக்கு ஒன்றுமில்லை. அவர் சுடுதண்ணி நேரம் கேட்கிறார். இப்போது இரண்டு வகைத் தவறு நடக்கும்.

முதல் வகை, மேலே சொன்ன பையன் செய்தது. பதில் சொல்லிவிட்டு “வேற ஏதாவது?” என்று கேட்பது. கேட்க மரியாதையாகத்தான் இருக்கும். கஸ்டமர் கேரில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் வேறு வேலை இல்லை என்றால் வைத்துவிடலாம் என்றுதான் அது காதில் விழும்.

இரண்டாவது வகை, கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் செய்வது. “சும்மாதானே கூப்பிட்டீங்க சார், தூக்கம் வரலையா? தனியா இருக்க கஷ்டமா இருக்கா?” என்று நேராக உடைத்துவிடுவது. நானும் முதல் வருடம் இதைச் செய்திருக்கிறேன். நல்ல மனசோடுதான் கேட்டேன். அந்த அம்மா, “இல்லப்பா, தண்ணி நேரம்தான் கேட்டேன்” என்று வைத்துவிட்டார். பிறகு இரண்டு மாதம் ராத்திரியில் கூப்பிடவே இல்லை. அந்தக் காரணம் அவர் போர்த்திக்கொண்டு வந்த சால்வை. அதை உருவக் கூடாது.

சரியான வரிசை இது. வேலை உண்மையானது என்றே எடுத்துக்கொண்டு முதலில் அதை முழுதாகச் செய்யுங்கள். சில சமயம் உண்மையிலேயே சுடுதண்ணிதான் கேள்வி, அவர் தூங்கப் போக வேண்டும். பதிலைச் சொல்லிவிட்டு, கூடவே உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சின்ன விஷயம் போடுங்கள். “அஞ்சரைக்கு வந்துரும் சார். இன்னிக்குக் காத்து ஜில்லுனு அடிக்குது, கேட் பக்கத்துல நிக்கவே முடியல.” அப்புறம் ஒரு இடைவெளி.

வேலைக்கு மட்டும் கூப்பிட்டவர் “ஆமாமா, சரி தம்பி, வெச்சறேன்” என்பார். துணைக்குக் கூப்பிட்டவர் அந்த ஜில்லென்ற காற்றைப் பிடித்துக்கொள்வார். “இங்கயும் அப்படித்தான்… ஜன்னலைச் சாத்திட்டு உக்காந்திருக்கேன்.” இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. நீங்கள் எதையும் அனுமானிக்க வேண்டாம், அவரும் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். பேச விருப்பமா இல்லையா என்பதை அவரே முடிவு செய்கிறார்.

“சாப்டீங்களா?” என்று நாம் தெருவில் கேட்பது சாப்பாட்டைப் பற்றிய விசாரணை இல்லையே. அந்த வகைப் பேச்சுத்தான் இது. விஷயத்தில் ஒன்றும் இல்லை, ஆள் இருக்கிறார் என்று தெரிந்துகொள்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

5. ஓர் அழைப்பு, முழுதாக

இங்கே ஒரு பெரியவர் இருக்கிறார். பேர் வேண்டாம். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தவறிய பிறகு இங்கே வந்தார். பகலில் அவரைப் பார்த்தால் தனிமை என்று சொல்ல முடியாது. காலையில் நடை, பதினொரு மணிக்குக் கேரம், சாயங்காலம் பஜனை, எல்லாவற்றிலும் இருப்பார். ராத்திரி 12:40 வாக்கில் மட்டும் இண்டர்காம் அடிக்கும்.

ராபர்ட் வைஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துச் சொன்னார். கூட்டம் இல்லாத தனிமை ஒன்று. நெருக்கமான ஒரே ஒரு ஆள் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து மற்றதைத் தீர்க்காது என்பது அவர் கருத்து. நம் பெரியவருக்குக் கூட்டம் இருந்தது. பகலில் இன்னும் இரண்டு நிகழ்ச்சிக்கு அவர் பேரை எழுதினால் போதும் என்று மேனேஜர் நினைத்தது அதனால்தான் பலிக்கவில்லை.

முதல் சில நாள் அவர் கேட்டது, “கரண்ட் போகுமா இன்னிக்கு?” வேறு புகார் கிடையாது. ஒருநாள் நான் பதில் சொல்லிவிட்டு, ஜெனரேட்டர் ரூமில் ஒரே சூடு, இரைச்சல் என்று சும்மா சொன்னேன். அதற்கு அவர், “அதெல்லாம் ஒரு இரைச்சலா தம்பி? ஸ்பின்னிங் டிபார்ட்மெண்ட்ல நின்னு பாத்திருக்கியா?” என்றார்.

இந்த இடத்தில் புதியவர்கள், “ஆமாங்க சார், ரொம்பக் கஷ்டப்பட்டிருப்பீங்க” என்பார்கள். அனுதாபம் வந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். கஷ்டப்பட்டதாக அவர் சொல்லவே இல்லை. நான் கேட்டது, “அந்தச் சத்தத்துல ஒருத்தருக்கொருத்தர் எப்படிங்க பேசிக்குவீங்க?” கையால் சைகை, வாயசைவு, மிஷின் மேல் தட்டுவது என்று அவர் விவரமாகச் சொன்னார். பஞ்சு தூசு பறக்காமல், இழை அறுந்துபோகாமல் இருக்க ஈரக்காற்று ஓட விடுவார்களாம். கோடையில் அந்தப் புழுக்கத்தோடு வெளியே வந்தால் நடுராத்திரிக் காற்று எப்படி இருக்கும் என்று சொன்னார்.

“ஷிப்ட் எத்தனை மணிக்குங்க முடியும்?”

“ரெண்டாவது ஷிப்ட் பன்னண்டு மணிக்கு. சைக்கிள்ல வீடு போய்ச் சேர பன்னண்டே முக்கால் ஆயிரும்.” கொஞ்ச நேரம் பேச்சில்லை. “தூங்க மாட்டா. நான் கதவைத் தட்டுறதுக்கு முன்னாடியே அடுப்பைப் பத்த வெச்சுருவா.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் ஒன்றும் தோன்றவில்லை. பிறகு, “என்னங்க சார் வெச்சிருப்பாங்க?” என்று கேட்டேன். “ரெண்டு தோசை. கூட ஒரு டம்ளர் பால்” என்றார். அன்று பதினெட்டு நிமிடம் பேசினோம். கரண்ட் பற்றி அவர் கேட்டது அன்றுதான் கடைசி. அடுத்த நாளிலிருந்து, “என்ன தம்பி, முழிச்சுருக்கியா?” என்றே தொடங்கினார்.

இதில் நான் செய்தது இரண்டே காரியம். அவர் சொன்ன கடைசி வார்த்தையிலிருந்து அடுத்த கேள்வியை எடுத்தேன். அதுவும் கையால் தொடக்கூடிய கேள்வி: எத்தனை மணி, எப்படி, என்ன சாப்பாடு. “எப்படி ஃபீல் பண்ணீங்க?” என்று கேட்டிருந்தால் அவருக்கு என்ன சொல்வதென்றே தெரிந்திருக்காது. தோசையைப் பற்றிச் சொல்ல அவருக்குத் தெரியும். சொல்ல வேண்டியது எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிட்டது.

வாயில் வரக் கூடாதவை சில உண்டு. “கவலைப்படாதீங்க.” “எல்லாருக்கும் இப்படித்தான்.” “ஒரு மாத்திரை போட்டுத் தூங்குங்க.” எல்லாவற்றையும்விட மோசமானது, “பையன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லட்டுங்களா?” அமெரிக்காவில் இருக்கும் பையனுக்குப் பாரமாகக் கூடாது என்றுதான் அவர் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

6. பேச்சு கனமாகும்போது

“இருந்து என்ன பண்றது?”, “எப்போ கூப்பிடப் போறானோ” என்பதெல்லாம் இந்த வயதில் சாதாரணமாக வருகிற பேச்சு. பதற வேண்டாம். கேட்காத மாதிரி தாண்டியும் போகாதீர்கள்.

சந்தேகம் இருந்தால் நேராகக் கேளுங்கள்: “சார், உயிரை விட்டுறலாம்னு ஏதாவது தோணுதுங்களா?” கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாரும் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. நேராகக் கேட்பது எண்ணத்தை உண்டாக்குவதில்லை என்பதுதான் இந்தத் துறையில் இருப்பவர்கள் உறுதியாகச் சொல்வது. பல பேருக்கு ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் வரும். “சேச்சே, அதெல்லாம் இல்லப்பா, அலுப்புல சொல்றேன்” என்று சிரித்தால் பேச்சைத் தொடரலாம்.

“ஆமா” என்றாலோ, பதிலே வராவிட்டாலோ, மாத்திரை சேர்த்து வைத்திருக்கிறேன், சாமானை யார் யாருக்குக் கொடுப்பது என்று எழுதிவிட்டேன் என்கிற மாதிரி ஏதாவது வந்தாலோ, லைனை வைக்காதீர்கள். இன்னொரு போனில் நர்ஸை அந்த வீட்டுக் கதவுக்கு அனுப்புங்கள். ஆள் வருகிறார் என்பதை அவரிடமும் சொல்லிவிடுங்கள், திடீரென்று கதவு தட்டப்படக் கூடாது. பக்கத்தில் ஆள் உட்கார்ந்த பிறகு 14416-ஐக் கூப்பிடலாம். அது 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்ற மனநல உதவி எண், இரவும் பகலும் உண்டு, தமிழிலும் பேசுவார்கள். முதியோருக்கான 14567 எல்டர் லைன் இரவு 8 மணியோடு முடிந்துவிடும், நடுராத்திரியில் அந்த எண்ணைக் கொடுத்து அவரை வெறும் மணியோசை கேட்க வைக்காதீர்கள்.

7. முடிப்பது எப்படி

திடீரென்று வெட்டினால், பேசிய பதினைந்து நிமிடமும் கடமைக்காகத்தான் என்று ஆகிவிடும். அதனால் ஐந்து நிமிடம் முன்பே சொல்லிவைப்பேன்: “ஒண்ணேகால் மணிக்கு ஒரு ரவுண்டு போகணும் சார், அதுவரைக்கும் பேசலாம்.” காரணம் உண்மையாக இருக்க வேண்டும். பொய்க் காரணம் சொன்னால் அவர் ஜன்னல் வழியாகப் பார்ப்பார். அனுபவத்தில் சொல்கிறேன்.

கடைசியாக, நீங்கள் நிறைவேற்றக்கூடிய ஒரு சின்ன விஷயத்தை விட்டுவிட்டு வாருங்கள். “அந்த மிஷின் பேரு என்னமோ சொன்னீங்களே, நாளைக்கு மறுபடி சொல்லுங்க.” “எப்ப வேணாலும் கூப்பிடுங்க” என்று சொல்லாதீர்கள். நாளைக்கு உங்களுக்கு வீக் ஆஃப் என்றால் அவர் கூப்பிடும்போது வேறு ஆள் எடுப்பார். விடுமுறை என்றால் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், மாற்று ஆளின் பேரோடு.

ஒரே இரவில் நாலு முறை, அதே கேள்வி, முந்தின முறை கேட்டதே நினைவில்லை என்றால் அது வேறு விஷயம். மறதி நோய் உள்ளவர்களுக்கு இருட்டியதும் குழப்பம் கூடும். அவர்களிடம் கதை வளர்க்க வேண்டாம். அதே பதிலை, அதே நிதானத்தோடு, சுருக்கமாகச் சொல்லுங்கள். நாலாவது முறை குரல் உயர்ந்தால் அவர்களுக்குக் கேள்வி மறந்துபோகும், நீங்கள் திட்டியது மட்டும் உள்ளே தங்கிவிடும். காலையில் நர்ஸிடம் எத்தனை முறை, எந்த நேரத்தில் என்று சொல்லிவிடுங்கள்.

8. செல்போனில் வந்தால்

இப்போது பாதி வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. ஒரு மணிக்கு ஒரு முருகர் படம், அல்லது வெறும் “ஹாய்”. ஃபார்வர்டு என்று தள்ளிவிடாதீர்கள். குரூப்பில் போடாமல் உங்களுக்குத் தனியாக, அதுவும் அந்த நேரத்தில் அனுப்பியிருந்தால் அதுவும் ஒரு ஹலோதான்.

பார்த்துவிட்டு வைக்காதீர்கள். நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால், பார்க்காமலே விட்டதைவிட அது அதிகம் உறுத்தும். கும்பிடு எமோஜியும் போதாது, அது “வேற ஏதாவது?” என்பதன் தம்பி. ஒரு வரி எழுதுங்கள், பதில் சொல்ல ஏதுவாக: “நல்ல படம்ங்க அம்மா, இது எந்த ஊர்க் கோயில்?” எழுத்தில் கண் சிரமப்படுகிறவர்களுக்குப் பத்து விநாடி வாய்ஸ் மெசேஜ் இன்னும் நல்லது. ஒரு மெசேஜ் வந்து, நீங்கள் பார்ப்பதற்குள் அழிக்கப்பட்டிருந்தால், என்ன அனுப்பினீர்கள் என்று துருவ வேண்டாம். “முழிச்சுட்டுத்தான் இருக்கேன் அம்மா” என்று மட்டும் போடுங்கள்.

9. நோட்டில் என்ன எழுதுவது

வீட்டு எண், நேரம், எவ்வளவு நேரம், உடம்பு எப்படி, அடுத்த முறை தொடர ஒரு நூல். “12:40, 18 நிமிடம், உடம்பு சரி, மில் கதை” என்றால் போதும். அவர் சொன்னதை எல்லாம் எழுதாதீர்கள். உங்கள் முடிவையும் எழுதாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், “தனிமையால் அவதி” என்று ஒரு பாட்டியைப் பற்றி நோட்டில் எழுதி வைத்தேன். பகல் ஆள் அதை அப்படியே மகளுக்குப் போனில் வாசித்துவிட்டார். மகள் அம்மாவைக் கூப்பிட்டு அழுதிருக்கிறார். பாட்டி மறுநாள் என்னைப் பார்த்து, “உன்னை நம்பிப் பேசுனேன் கண்ணு” என்றார். திட்டக்கூட இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆக வேண்டும். மற்றபடி, குடும்பத்துக்குச் சொல்லலாமா என்று அவரிடமே கேளுங்கள்.

நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் கிடைக்கும். ஒரே நேரத்தில் விழித்திருக்கும் இரண்டு பேர் தெரிவார்கள். வயதானால் ஆழ்ந்த தூக்கம் குறையும், நடுவில் விழிப்பு கூடும், அதனால் இப்படி ஜோடி அமைவது சகஜம். ஸ்பின்னிங் மாஸ்டருக்கு நேர் மேல் மாடியில் ரயில்வேயில் வேலை பார்த்தவர் ஒருவர், அவரும் ஒரு மணிக்கு விழித்திருப்பார். இரண்டு பேரிடமும் தனித்தனியாக, “உங்களை மாதிரியே ராத்திரி ஷிப்ட் பழகின ஒருத்தர் இருக்கார், உங்க இண்டர்காம் நம்பரைக் கொடுக்கலாங்களா?” என்று கேட்டேன். ஒருவர் உடனே சரி என்றார். மாஸ்டர், “வேண்டாம் தம்பி” என்றார். மூன்று வாரம் கழித்து அவரே, “அந்த ரயில்வேக்காரர் நம்பர் என்ன?” என்று கேட்டார். கேட்கும்வரை நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

10. வழக்கமான அழைப்பு வராத இரவு

இதை யாரும் கேட்பதில்லை, ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். தினமும் 12:40-க்கு அடிக்கும் போன் ஒருநாள் அடிக்கவில்லை என்றால் நீங்களாக இண்டர்காமில் கூப்பிடாதீர்கள். தூங்கியிருக்கலாம், அப்படியானால் அது நல்ல செய்தி, எழுப்பிக் கெடுக்கக் கூடாது. ரவுண்டு போகும்போது அந்த வீட்டு வழியாகப் போங்கள். விளக்கு எரிகிறதா, டிவி ஓடுகிறதா, உள்ளே ஏதாவது முனகல் கேட்கிறதா பாருங்கள். விளக்கு எரிந்து, ஆள் அரவமே இல்லை என்றால் நர்ஸோடு போய்க் கதவைத் தட்டலாம். இருட்டாக, அமைதியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஆறு மணிக்குப் பால் பாக்கெட் போடுவார்கள். ஷிப்ட் முடித்துக் கிளம்பும்போது அந்த வாசலை ஒருமுறை பாருங்கள். பாக்கெட் உள்ளே போயிருந்தால் நோட்டில் “அழைப்பு இல்லை, காலையில் பால் எடுத்துவிட்டார்” என்று எழுதிவிட்டு நீங்களும் போய்த் தூங்கலாம்.